'நன்றாகத் தூங்கினார்' என்று தொடங்கும் குறிப்பில் என்ன சிக்கல்? நர்ஸின் ஷிஃப்ட் ஹேண்ட்ஓவரைத் திருத்துவது எப்படி?

காலை ஏழே கால் மணி. நைட் ஷிஃப்ட் முடியப்போகிறது. 12 மணி நேரம் நின்றே வேலை பார்த்த சிஸ்டர், காலை ஷிஃப்டுக்கு வருபவருக்காக ஹேண்ட்ஓவர் குறிப்பு எழுதுகிறார். அந்த நேரத்தில் யாருக்கும் கை தானாகப் போவது ஒரே வழியில்தான்: இரவு 8 மணிக்கு என்ன நடந்தது என்று ஆரம்பித்து, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு போவது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

கீழே இருப்பது விளக்கத்துக்காக நாமே உருவாக்கிய குறிப்பு. இதே மாதிரியான ஒன்றை எந்த சர்ஜிக்கல் வார்டிலும் பார்க்கலாம். நம் ஊரில் இதைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். படிக்க வசதியாகத் தமிழில் தருகிறோம்.

"படுக்கை 12. பெண், வயது 56. நேற்று குடல் அறுவை சிகிச்சை. இரவு 10 மணிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டது. வலிக்கு பாராசிட்டமால் கொடுக்கப்பட்டது. 12 மணிக்கு பிபி 126/80, நாடித்துடிப்பு 86. நன்றாகத் தூங்கினார். 4 மணிக்கு பிபி 112/70, நாடி 104. டியூட்டி டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது. ரத்தம் எடுத்து அனுப்பப்பட்டது. 6 மணிக்கு ஸ்பான்ஞ் பாத் கொடுத்து பெட்ஷீட் மாற்றப்பட்டது. பிபி 104/66, நாடி 116. ட்ரெயினில் 220 மி.லி. சிறுநீர் குறைவு. பில் பற்றி மகன் கேட்டார். பென்சிலின் அலர்ஜி உண்டு. காலை மருந்துகள் கொடுக்க வேண்டும். வேறு புகார் இல்லை."

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் காலை சிஸ்டர் இதைப் படித்துவிட்டு முதலில் என்ன செய்வார்? 'காலை மருந்துகள்' என்று இருப்பதால் மருந்து ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போவார். அந்த மருந்துகளில் ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க 8 மணிக்குப் போட வேண்டிய எனாக்ஸாபரின் ஊசி. நோயாளிக்கு உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் போடவே கூடாத ஊசி அது.

புதைந்துபோனது எது?

நாடித்துடிப்பு மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது: 86, 104, 116. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதாகப் பயமுறுத்தாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஏறிக்கொண்டே போவது தெரியும். பிபி அதே நேரத்தில் இறங்குகிறது. நடுவில் தூக்கமும் ஸ்பான்ஞ் பாத்தும் வந்து கண்ணை மறைக்கின்றன.

'சிறுநீர் குறைவு' என்றால் எவ்வளவு குறைவு? சார்ட்டைப் பார்த்தால், 2 மணியிலிருந்து 6 மணி வரை 70 மி.லி. நோயாளியின் எடை 62 கிலோ. ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி. என்பது பொதுவாகப் பார்க்கும் குறைந்தபட்ச அளவு. அப்படியானால் நான்கு மணி நேரத்தில் 124 மி.லி. வந்திருக்க வேண்டும். ட்ரெயினிலும் இதே கதைதான். 220 என்பது இரவு முழுவதற்குமான மொத்தம். அதில் 160 மி.லி. கடைசி இரண்டு மணி நேரத்தில் வந்தது, அதுவும் புது ரத்தச் சிவப்பில்.

இந்தக் குறிப்பிலேயே ஆபத்தான வரி என்றால், என் கணக்கில் 'டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது' என்பதுதான். படிப்பவருக்கு உடனே ஒரு நிம்மதி வந்துவிடும்: "சரி, டாக்டர்கிட்ட சொல்லியாச்சு." யார் சொன்னார், எப்போது, டாக்டர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் அந்த 'பட்டது'க்குள் காணாமல் போகிறது. 4.20க்கு போனில் பேசியபோது டாக்டர் சொன்னது இதுதான்: "சிபிசி அனுப்புங்க. நாடி 110-ஐத் தாண்டினா, இல்ல பிபி 100-க்குக் கீழே போனா உடனே கூப்பிடுங்க." 6 மணிக்கு நாடி 116. எல்லை தாண்டிவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. குறிப்பிலும் அந்த நிபந்தனை இல்லை.

திருத்துவது எங்கிருந்து?

வாக்கியங்களைச் சுருக்குவதிலிருந்து அல்ல. 'வரப்போகிறவர் முதல் 15 நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது?' என்ற கேள்வியிலிருந்து. பதில் எதுவோ அது மேலே போகும். அதற்கு ஆதாரமான எண்கள், நேரத்தோடு, அதன் கீழே ஒரே இடத்தில் சேரும். பாக்கி வேலைகள் அடுத்து. பழைய விவரம் கடைசியில்.

இந்த நோயாளி விஷயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவுடனேயே இன்னொன்று புரிந்துவிடும். இது குறிப்பில் எழுதிவைத்துவிட்டுப் போகும் விஷயமே இல்லை. பேனாவை வைத்துவிட்டு முதலில் டாக்டரை அழைக்க வேண்டும். அழைத்த பிறகு எழுதிய குறிப்பு இப்படி இருக்கும்:

"படுக்கை 12. பெண், 56, 62 கிலோ. பென்சிலின் அலர்ஜி.
நிலை மோசமாகிறது. ரத்தக் கசிவோ என்று கவலை. உடனே பார்க்கவும். 8 மணி எனாக்ஸாபரின் ஊசி: டாக்டர் சொல்லும்வரை போட வேண்டாம்.
12 / 4 / 6 மணி: நாடி 86 / 104 / 116, பிபி 126/80, 112/70, 104/66. சிறுநீர் 2 முதல் 6 மணி வரை 70 மி.லி. ட்ரெயின் 4 மணி வரை 60, 4 முதல் 6 வரை 160 மி.லி., புதுச் சிவப்பு.
4.20: டியூட்டி டாக்டரிடம் பேசினேன். சிபிசி அனுப்பச் சொன்னார். நாடி 110-க்கு மேல், பிபி 100-க்குக் கீழ் என்றால் அழைக்கச் சொன்னார். 7.20: நாடி 116 என மீண்டும் அழைத்தேன். ஊசியை நிறுத்தச் சொன்னார், நேரில் வருகிறார்.
பாக்கி: 4.30க்கு அனுப்பிய சிபிசி ரிசல்ட் வரவில்லை, லேபை அழைக்கவும். டாக்டர் வரும்வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிபி, நாடி.
நேற்று குடல் அறுவை சிகிச்சை. இரவு 10 மணி ஆன்டிபயாட்டிக், வலிக்கு பாராசிட்டமால் கொடுத்தேன். பில் பற்றி மகன் கேட்டார்."

நீளத்தில் பெரிதாகக் குறையவில்லை, கவனித்தீர்களா? ஸ்பான்ஞ் பாத்தும் பெட்ஷீட்டும் வெளியே போயின. அவை நர்சிங் சார்ட்டில் பத்திரமாக இருக்கின்றன. அலர்ஜி, வாலிலிருந்து தலைக்கு வந்தது. 'வேறு புகார் இல்லை' போய்விட்டது. 'ரத்தக் கசிவு' என்று முடிவாக எழுதாமல் 'கவலை' என்று எழுதியதும் தெரிந்தே செய்ததுதான். டயக்னோசிஸ் டாக்டருடையது, ஆனால் கவலையைச் சொல்ல நர்ஸுக்கு முழு உரிமை உண்டு.

பல மருத்துவமனைகளில் சொல்லிக்கொடுக்கும் எஸ்பார் முறை இதே வரிசைதானா என்றால், கிட்டத்தட்ட. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் புழங்கிய பழக்கம் அது. பிறகு மருத்துவத்துக்கு வந்தது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று போகும். ஒரே ஒரு இடத்தில் வழுக்கும்: 'பின்னணி' இரண்டாவதாக வருவதால் பழைய கதை முழுவதையும் அங்கே கொட்டிவிடுகிறார்கள். ஐ-பாஸ் என்ற இன்னொரு முறையில் நோயின் தீவிரம்தான் முதல் எழுத்து. டாக்டர்களின் ஹேண்ட்ஓவருக்காக உருவான அதை 9 குழந்தைகள் மருத்துவமனைகளில் சோதித்து, மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-ல் ஆய்வு வெளியானது.

ஒரு எச்சரிக்கை. இந்தத் திருத்தமெல்லாம் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு. போட்ட பிறகு கேஸ் ஷீட்டில் எதையும் அழித்து எழுதக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, நேரமும் இனிஷியலும் சேர்த்து, புதிதாக எழுத வேண்டும். அதேபோல விடுபட்ட எண்ணை ஞாபகத்திலிருந்து நிரப்பவும் கூடாது. சார்ட்டில் இல்லையென்றால் 'அளக்கவில்லை' என்றே எழுதலாம்.

இதே அக்கறையை வார்டின் 20 படுக்கைகளுக்கும் காட்ட நினைத்தால் எல்லாமே சிவப்பு மையில் வந்துவிடும். நன்றாக இருப்பவருக்கு இரண்டு வரி போதும். ஹேண்ட்ஓவர் சொல்லும்போதும் படுக்கை 1-ல் ஆரம்பித்து வரிசையாகப் போகாமல், 12-ல் ஆரம்பிக்கலாம். முடிந்தால் அங்கேயே நின்று, இருவரும் சேர்ந்து ட்ரெயினைப் பார்த்து, "எனாக்ஸாபரின் நிறுத்தம், லேபுக்கு போன், 15 நிமிஷத்துக்கு ஒரு பிபி, சரியா சிஸ்டர்?" என்று வந்தவர் திருப்பிச் சொல்லும்வரை.