16 லட்சம் செலவுக்கு 23 லட்சம் விலை ஏன்?

சிறிய ஒப்பந்ததாரர்கள் பலர் டெண்டருக்கு விலை போடும் முறை எளிமையானது. பொருளுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று கூட்டுவார்கள். அதன்மேல் 15 சதவீதம் வைப்பார்கள். பக்கத்து ஊர்க்காரர் என்ன போடுவார் என்று யோசித்து அதிலும் கொஞ்சம் குறைப்பார்கள். வேலை கிடைத்துவிடும், சுவரும் எழும்பிவிடும். கடைசி பில் வந்த பிறகுதான் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்பது தெரியும். பணம் எங்கே போயிற்று என்று அப்போது தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அது விலைக்குள் வரவேயில்லை.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்க்கலாம். காவிரி டெல்டாவில் ஓர் அரசுப் பள்ளிக்கு 200 மீட்டர் சுற்றுச்சுவர் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். களிமண் பூமி, நான்கு மாத அவகாசம். செப்டம்பரில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை வேலையின் நடுவில் வந்து நிற்கும். இங்கே வரும் தொகைகள் எடுத்துக்காட்டுக்காகப் போட்டவை. ஊருக்கு ஊர் அவை மாறும், கணக்கின் முறை மாறாது.

முதலில் நேரடிச் செலவு. செங்கல், சிமென்ட், கம்பி, எம்-சாண்ட், ஜல்லி எல்லாம் சேதாரத்தோடு சேர்த்து 9,60,000 ரூபாய். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆட்கள் ஆகியோரின் கூலி 5,20,000. வானம் தோண்ட ஜே.சி.பி., கலவை இயந்திரம், வைப்ரேட்டர் வாடகை 1,20,000. மொத்தம் 16 லட்சம். இதுவரை அநேகமாக எல்லோருமே சரியாகப் போட்டுவிடுகிறார்கள். தவறு ஆரம்பிப்பது இதற்கு மேலேதான்.

அடுத்தது தளச் செலவு. சுவரில் ஒரு செங்கல்லாகக்கூட இது தெரியாது, ஆனால் இது இல்லாமல் சுவர் எழும்பாது. சூப்பர்வைசர் சம்பளம் மாதம் 22,000, வாட்ச்மேனுக்கு 12,000, போக்குவரத்துக்கு 5,000. ஆக மாதம் 39,000, நான்கு மாதத்துக்கு 1,56,000. இவற்றோடு ஒருமுறை மட்டும் வரும் செலவுகள் உண்டு. சிமென்ட் கொட்டகை, தண்ணீர், மின்சாரத்துக்கு 24,000, காங்கிரீட் கட்டிகளைச் சோதனைக்கு அனுப்ப 10,000, தொழிலாளர் காப்பீட்டுக்கு 10,000. எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம்.

இதைச் சதவீதமாகப் போடாமல் மாதக் கணக்கில் போட்டதற்குக் காரணம் உண்டு. வாட்ச்மேன் சம்பளம் சுவரின் மதிப்பைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை, நாள்களைப் பொறுத்துத்தான் ஏறுகிறது. வேலை நான்கு மாதத்துக்குப் பதில் ஆறு மாதம் இழுத்தால், ஒரு செங்கல்கூடக் கூடுதலாக வைக்காமலே 78,000 ரூபாய் போய்விடும். சிறிய வேலைகளில் இந்தச் சுமை பெரிய வேலைகளைவிட அதிகமாகத் தெரியும். 16 லட்சம் வேலைக்கும் ஒரு சூப்பர்வைசர் வேண்டும், 40 லட்சம் வேலைக்கும் பெரும்பாலும் ஒருவர் போதும்.

இப்போது மொத்தம் 18 லட்சம். 15 சதவீதம் வைத்தவர் போட்ட விலை 18,40,000 ரூபாய் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அலுவலகம், வட்டி, மழை, லாபம் என்று இனி வரப்போகும் அத்தனைக்கும் சேர்த்து அவர் கையில் இருப்பது 40,000 ரூபாய்தான். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பகுப்பாய்வில் ஒப்பந்ததாரரின் லாபத்துக்கும் மேல்செலவுக்கும் சேர்த்து வைப்பதே 15 சதவீதம்தான். அந்த எண் பலர் மனத்தில் பதிந்துவிட்டது. பல்வேறு அளவு வேலைகளுக்குப் பொதுவாக வைத்த எண் அது. நம் தளத்தில் நம் வாட்ச்மேனுக்கு என்ன ஆகும் என்பதை அது சொல்லாது.

மூன்றாவது அலுவலகச் செலவு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டு முழுவதும் ஓடுவது இது. அலுவலக வாடகை ஆண்டுக்கு 96,000. கணக்கெழுதுபவருக்கு 1,80,000. ஆடிட்டர், ஜி.எஸ்.டி. தாக்கலுக்கு 60,000. வண்டித் தவணையும் பராமரிப்பும் 1,44,000. பதிவு, தொலைபேசி, டெண்டர் செலவுகள் 60,000. இவற்றோடு கட்டாயம் சேர்க்க வேண்டியது ஒப்பந்ததாரரின் சொந்தச் சம்பளம். மாதம் 30,000 என்றால் 3,60,000. மொத்தம் ஒன்பது லட்சம். தன் உழைப்புக்கான கூலியை விலையில் சேர்க்காதவர் பிறகு லாபத்திலிருந்து வீட்டுச் செலவை எடுக்கிறார். லாபம் வந்ததா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாமல் போகிறது.

இந்த ஒன்பது லட்சத்தை அந்த ஆண்டின் வேலைகள் எல்லாம் பங்கிட்டுச் சுமக்க வேண்டும். ஆண்டுக்குத் தளச் செலவோடு சேர்த்து ஒரு கோடி ரூபாய்க்கு வேலை நடக்கும் என்றால் பங்கு 9 சதவீதம். நம் 18 லட்சத்துக்கு அது 1,62,000. ஆனால் அந்த ஒரு கோடி, நடக்கும் என்று நம்பும் தொகையாக இருக்கக் கூடாது. போன ஆண்டுகளில் உண்மையில் நடந்த தொகையாக இருக்க வேண்டும். வேலை 60 லட்சத்துக்குத்தான் நடந்தது என்றால் பங்கு 15 சதவீதமாக ஏறிவிடும்.

இதோடு வட்டியும் உண்டு. அரசு வேலையில் முதலில் நம் பணம் போகிறது, எம்-புக்கில் அளவு ஏறிய பிறகு பில் வருகிறது, அதிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். முன்வைப்புத் தொகையும் முடங்கிக் கிடக்கிறது. சராசரியாக எட்டு லட்சம் ஐந்து மாதம் முடங்குகிறது, மாத வட்டி ஒன்றரை சதவீதம் என்று வைத்தால் 60,000 ரூபாய். சொந்தப் பணமாக இருந்தாலும் இதைப் போட வேண்டும். இப்போது 20,22,000 ஆகிவிட்டது.

இனி இடர் ஒதுக்கீடு. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஐந்து சதவீதம் வைப்பது கணக்கு ஆகாது. டெண்டர் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த நஷ்டம் நம் தலையில் விழும், எதைத் துறை ஏற்கும் என்று முதலில் பிரிக்க வேண்டும். அலகு விலை ஒப்பந்தத்தில் அஸ்திவாரம் ஆழமானால் கூடுதல் அளவுக்குப் பொதுவாகப் பணம் வரும், அதற்கு ஒதுக்கீடு பெரிதாகத் தேவையில்லை. ஆனால் குறுகிய கால வேலைகளில் பெரும்பாலும் விலையேற்ற ஈடு கிடையாது. கம்பி விலை ஏறினால் அது நம் நஷ்டம்.

நம் வேலையில் நான்கு இடர்களைப் பார்க்கலாம். கம்பி, சிமென்ட் நான்கு லட்சத்துக்கு வாங்க வேண்டும். விலை 8 சதவீதம் ஏறினால் 32,000 நஷ்டம். ஏறுவதற்கு வாய்ப்பு பாதி என்றால் 16,000 ஒதுக்க வேண்டும். மழையால் ஒன்றரை மாதம் தாமதமானால் மாதம் 39,000 வீதம் 58,500 போகும், வாய்ப்பு 40 சதவீதம், ஒதுக்கீடு 23,400. வானத்தில் தண்ணீர் நின்று, கரை சரிந்து, பம்பு வைத்து இறைத்து மறுபடி தோண்டினால் 30,000 ஆகும், அதில் பாதி 15,000. வேலை முடிந்தபின் பொறுப்புக் காலத்தில் பூச்சு விரிசலைச் சரிசெய்ய 20,000 ஆகலாம், அதில் பாதி 10,000. மொத்தம் 64,400.

நான்கும் ஒரே வேலையில் நடந்தால் 1,40,500 ரூபாய் போகும். ஒதுக்கியதற்கு மேலே உள்ள 76,100 ரூபாய் லாபத்திலிருந்துதான் வர வேண்டும். அதைத் தாங்கும் அளவுக்கு லாபம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தக் கணக்கின் பயன். ஒரே அடியில் தொழிலையே சாய்த்துவிடக்கூடிய இடருக்கு மட்டும் இந்தச் சராசரி முறை உதவாது. உதாரணமாக, சுவர் போகும் இடத்தில் ஆக்கிரமிப்பு இருந்தால் அதற்கு விலை வைக்க முடியாது. டெண்டர் போடும் முன் இடத்தை நடந்து பார்த்து, துறையிடம் எழுத்தில் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். பதில் வராவிட்டால் அந்த வேலையை விட்டுவிடலாம்.

இடரையும் சேர்த்தால் 20,86,400. இனிமேல்தான் லாபம் வருகிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வரி ஒரு சதவீதமும் இந்த இடத்திலேயே வரும், நம் டெண்டரில் அது ஒப்பந்ததாரர் தலையில் விழுகிறது என்று கொள்வோம். இங்கே பலரும் ஒரு பிழை செய்கிறார்கள். விலையில் 8 சதவீதம் லாபம் வேண்டும் என்று நினைத்து, செலவின்மேல் 8 சதவீதம் கூட்டுகிறார்கள். வரியோடு சேர்த்து 9 சதவீதம் கூட்டினால் 22,74,176 வரும். ஆனால் நல வரி செலவின்மேல் பிடிக்கப்படுவதில்லை, பில் தொகையின்மேல்தான் பிடிக்கிறார்கள். லாபத்தையும் விலையைக் கொண்டுதான் அளக்கிறோம். அதனால் கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும். நூறில் ஒன்பது போக மீதி 91, ஆகவே 20,86,400 ÷ 0.91 = 22,92,747. இரண்டுக்கும் வித்தியாசம் 18,571 ரூபாய். அது ஏறக்குறைய முழுக்க லாபத்திலிருந்து கழிந்திருக்கும்.

22,93,000 என்று முடிக்கலாம். லாபம் சுமார் 1,83,000. நான்கு இடர்களும் ஒன்றாக வந்தாலும் ஒரு லட்சத்துக்கு மேல் மிஞ்சும். இதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி. விலை வரி நீங்கலாகவா, வரி உட்படவா என்று ஆவணத்தில் எழுதியிருப்பதை இருமுறை படிக்க வேண்டும், ஏனென்றால் வரி உட்பட என்பதைக் கவனிக்காமல் போட்டால் சுமார் மூன்றரை லட்சம் நஷ்டம். பில்லில் பிடிக்கும் வருமான வரிப் பிடித்தத்தைச் செலவில் சேர்க்கக் கூடாது. அது நம் கணக்கில் வரவாகும் பணம்.

அலகு விலையாகக் கேட்டால், 22,93,000-ஐ 16 லட்சத்தால் வகுத்த 1.433 என்ற பெருக்கியை ஒவ்வொரு இனத்தின் நேரடிச் செலவோடும் பெருக்கிக்கொள்ளலாம். ஒரு கன மீட்டர் செங்கல் கட்டுக்கு நேரடிச் செலவு 6,500 என்றால் போட வேண்டிய விலை சுமார் 9,315. முதலில் நடக்கும் வேலைகளுக்கு விலையை ஏற்றி, பின்னால் வருபவற்றுக்குக் குறைத்து, பணத்தை முன்கூட்டியே எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. முன் இனத்தின் அளவு குறைந்து பின் இனத்தின் அளவு கூடிவிட்டால் அது நேரடி நஷ்டமாக முடியும்.

போட்டிக்காகக் குறைக்க வேண்டுமென்றால் லாபத்தில் மட்டும் கை வைக்கலாம். லாபத்தை 4 சதவீதமாக்கினால் விலை 21,96,200 வரும். லாபமே வேண்டாம் என்றால் 21,07,500. அதற்குக் கீழே போடும் ஒவ்வொரு ரூபாயும் சூப்பர்வைசர் சம்பளத்திலிருந்தோ கம்பியின் பருமனிலிருந்தோ தன் வீட்டிலிருந்தோதான் வரும். வாட்ச்மேனை நீக்கியோ மழையை மறந்தோ தாளில் எண்ணைக் குறைத்தால் செலவு குறைந்துவிடாது. துறையின் மதிப்பீடே 20 லட்சம் என்றால் இந்த வேலைக்கு டெண்டர் போடாமல் இருப்பதே சரியான முடிவு. வேலை கிடைத்தால், முடிந்தபின் இதே தாளில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உண்மையில் ஆன செலவை எழுதி வையுங்கள். அடுத்த டெண்டருக்கு விலை போடும்போது பக்கத்து ஊர்க்காரரின் விலையை விட்டுவிட்டு அந்தத் தாளைப் பாருங்கள்.