மறுதேர்வுக்கு எந்தக் கணக்கு?

காய்ச்சலில் படுத்த ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு மறுதேர்வு வைக்க வேண்டும். பழைய வினாத்தாள் உதவாது. விடைகள் வகுப்பு முழுக்கச் சுற்றியிருக்கும். எண்களை மாற்றினால் போதும் என்று தோன்றும். சறுக்குவது அங்கேதான்.

முதல் தாளில் x² + 5x + 6-ஐக் காரணிப்படுத்தச் சொல்லியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 6-ஐப் பிரிக்க இரண்டே வழி: 1×6, 2×3. அதற்குப் பதில் x² + x − 12 கொடுத்தால், 12-க்கு மூன்று ஜோடிகள். போதாக்குறைக்கு எது மிகை, எது குறை என்றும் பார்க்க வேண்டும். அதே மதிப்பெண்ணுக்குக் கூடுதல் வேலை, காய்ச்சலுக்குத் தண்டனை மாதிரி!

x² + 7x + 10 பொருந்தும்: 10-க்கும் இரண்டே ஜோடி, குறிச் சிக்கலும் இல்லை. இரண்டு தாளையும் ஆசிரியரே முழுதாகப் போட்டுப் பார்த்து, படிகளை ஒப்பிட்டால் இந்த ஏற்றத்தாழ்வு முன்கூட்டியே தெரிந்துவிடும்.