நெல் அட்டிக்குள் ஏறும் சூடு

காவிரி டெல்டாவில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிப்போகும் எல்லோருக்கும் 17 என்ற எண் தெரியும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடை போடுவார்கள். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்து சேரும் ஆண்டுகளில் அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பதும், மத்திய அரசு தளர்த்துவதும் வழக்கம். கேட்பதில் தப்பே இல்லை. மழை பெய்யும்போது களத்தில் எதைக் காயவைப்பது? ஆனால் 17 என்பது வாங்குவதற்கான எண்தான். மாதக்கணக்கில் கிடங்கில் கிடக்கப்போகும் நெல், 14 சதவீதத்துக்குக் கீழே இறங்கியாக வேண்டும்.

17 சதவீத ஈரத்தில் ஒரு டன் நெல்லை எடுத்துக்கொள்வோம். அதில் 170 கிலோ தண்ணீர், மீதி 830 கிலோதான் நெல். அதையே 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் எடை 965 கிலோ சொச்சமாகும். அதாவது ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் வெளியேற வேண்டும். அது வெளியேறாமல் மூட்டைக்குள்ளேயே தங்கினால், மணிகளுக்கு இடையிலுள்ள காற்று புழுங்கிப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது.

நெல் உயிருள்ள விதை. அது மூச்சு விடுகிறது. ஈரம் கூடக்கூட மூச்சும் வேகமாகிறது. அந்த மூச்சில் சூடும் நீராவியும் வெளிப்படுகின்றன. பூஞ்சையும் பூச்சியும் விடும் மூச்சிலும் இதேதான் நடக்கிறது. கம்பளி போர்த்தியதுபோலச் சுற்றியுள்ள தானியம் அந்தச் சூட்டை வெளியே விடுவதில்லை. அதனால் அட்டியின் ஓர் ஓரத்தில் பூச்சி விழுந்தால் அந்த இடம் மட்டும் சூடேறுகிறது. சூடு 40 பாகையைத் தாண்டும்போது பூச்சிகள் அங்கே இருக்க முடியாமல் நகர்கின்றன. அவை விட்டுப்போன ஈரத்தில் பூஞ்சை தொடர்கிறது. ஈரமும் பூச்சியும் தனித்தனிப் பிரச்சினைகள் என்று நினைத்து மருந்தை மட்டும் நம்புகிற கிடங்குகள் இங்கேதான் ஏமாறுகின்றன.

உமி சிதையாத நெல்லைக் கூன்வண்டு எளிதில் தொடாது. நெல்லுக்கு எமன் அந்துப்பூச்சியும் தானியத் துளைப்பானும்தான். உமி நீங்கிய அரிசியிலோ கூன்வண்டு தன் நீண்ட மூக்கால் மணியில் துளையிட்டு, உள்ளே ஒரு முட்டை வைத்து, பசைபோன்ற ஒன்றால் வாயை அடைத்துவிடும். கோடையில் ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துப் புது வண்டு துளைத்துக்கொண்டு வரும். அதுவரை அரிசி பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும்.

இந்த மறைவுதான் புகைமூட்டத்தின் விதிகளைத் தீர்மானிக்கிறது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவை வெளிவிடுகிறது. 3 கிராம் மாத்திரையிலிருந்து 1 கிராம் வாயு கிடைக்கும். டன்னுக்கு மூன்று மாத்திரை என்ற கணக்கில், 50 கிலோ மூட்டைகள் 200 கொண்ட 10 டன் அரிசி அட்டிக்கு 30 மாத்திரைகள். இது பயிற்சி பெற்று அனுமதி வாங்கியவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. பாஸ்பீன் ஆளையும் கொல்லும், ஆட்கள் புழங்கும் இடத்தில் இதை வைக்கவே கூடாது. அட்டியை வாயு புகாத உறையால் மூடி, தரையைத் தொடும் ஓரங்களில் மணல் நிரப்பிய நீளப் பைகளைப் போட்டு அழுத்துவார்கள்.

வளர்ந்த வண்டு சீக்கிரம் சாகும். முட்டையும் கூட்டுப்புழுவும் அப்படிச் சாவதில்லை. அவற்றுக்கு அளவைவிட நாட்கள் முக்கியம். குறைந்தது ஏழு நாள் வாயு நிற்க வேண்டும். உறையில் ஒரு கிழிசல் இருந்தாலும், லாரி வந்துவிட்டது என்று மூன்றாம் நாளே பிரித்தாலும், வண்டு செத்துக் கிடக்கும். உள்ளே வாரிசு பிழைத்திருக்கும். இப்படிப் பாதியில் தப்பியவை பெருகிப் பெருகித்தான் பாஸ்பீனுக்கு அடங்காத மாவு வண்டுகளும் துளைப்பான்களும் இந்தியாவில் உருவாயின. மாத்திரைகளைக் கூட்டிப்போட்டுப் பயனில்லை. ஓட்டையை அடைப்பதே வழி.

சைலோவில் ஒரு வசதி உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. எஃகு உருளையை இறுக மூடுவது எளிது. சென்னையிலும் கோவையிலும் பஞ்சாபின் மோகாவிலிருந்து வரும் கோதுமையை இப்படித்தான் சேமிக்கிறார்கள். ஆனால் பகலில் தகித்த தகடு இரவில் குளிரும்போது உள்ளே உள்ள சூடான காற்று மேலேறிக் கூரையடியில் வியர்த்துச் சொட்டும். நடுவில் காய்ந்திருந்தாலும் மேல்பரப்பு கட்டிதட்டி முளைவிடும். அதனால் தானியத்துக்குள் வெப்பமானிக் கம்பிகளை இறக்கி வைத்து, ஓரிடத்தில் மட்டும் சூடு ஏறினால் உடனே குளிர்ந்த உலர்காற்றை விசிறியால் செலுத்துகிறார்கள்.

பாஸ்பீன் கலைந்த பிறகு எந்தக் காவலையும் விட்டுவைப்பதில்லை. பக்கத்து அட்டியின் வண்டு மறுநாளே ஏறிவரும். பூச்சி மறுபடி தென்பட்டால் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உறையைப் பிரித்தவுடன் குத்தூசியால் பல மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து, சலித்து, வண்டு இல்லாத அரிசியை ஜாடியில் போட்டுத் துணியால் வாய்கட்டி ஒன்றரை மாதம் வைப்பார்கள். ஜாடிக்குள் வண்டு புறப்பட்டால் புகைமூட்டம் தோற்றுவிட்டது. ஜாடி சுத்தமாக இருந்து அட்டியில் மட்டும் வண்டு இருந்தால், தேட வேண்டியது பக்கத்து அட்டியும், கூட்டாத தரையும், பழைய சாக்குகளும்தான்.