150 எழுத்தில் ஒரு கடைப்பலகை

முன்பெல்லாம் ஸ்ரூடியோவுக்கு இரண்டு அடையாளங்கள் இருந்தன. ஒன்று, வாசலுக்கு மேலே தொங்கும் பெயர்ப்பலகை. மற்றது, பலகைக்குக் கீழே இருந்த கண்ணாடிப் பெட்டி. அதற்குள் மாலையும் கழுத்துமாக மணமக்கள், வெள்ளை உடுப்பில் முதல்நன்மை வாங்கிய ஒரு பிள்ளை, சாமத்திய வீட்டுப் பட்டுச்சேலையில் ஒரு பெண்பிள்ளை என்று நாலைந்து படங்கள் இருக்கும். பலகையைப் பார்த்தால் என்ன கடை என்று தெரியும், பெட்டியைப் பார்த்தால் வேலை எப்படி என்று தெரியும். இரண்டும் பிடித்தால் ஆள் உள்ளே போய் விலை கேட்பார்.

கடையில்லாமல் தனியாகத் தொழில் செய்யும் கமராக்காரருக்கு இன்று அந்தப் பலகையின் இடத்தில் இருப்பது இன்ஸ்டகிராம் பக்கத்தின் தலைப்பில் வரும் சிறு அறிமுகம். அதைத்தான் பயோ என்கிறோம். கண்ணாடிப் பெட்டியின் இடத்தில் இருப்பது, புதுப்படங்கள் எத்தனை வந்தாலும் கீழே இறங்காமல் உச்சியிலேயே நிற்கும் பின் செய்த பதிவு. இவை இரண்டையும் எப்படி எழுதினால் பார்க்க வந்தவர் கேட்க வருவார் என்பதை, பேசாலையில் இருக்கும் என் பெறாமகனின் பக்கத்தை வைத்தே சொல்கிறேன்.

அவன் கலியாணப் படம் எடுக்கிறான். ஆனால் அவனுடைய பக்கத்தைத் திறந்தால் முதலில் தெரிவது பூநாரைகள். வங்காலைப் பறவைகள் சரணாலயத்தில், காலை வெயிலில், ஆழமில்லாத நீரில் வரிசையாக நிற்கும் பறவைகள். 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. வலசைக் காலத்தில் அங்கே எடுத்த படம் போட்டால் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் பார்ப்பார்கள்.

“சித்தப்பா, வாறவங்க எல்லாரும் லைக் போட்டிட்டுப் போறாங்க, ஒருத்தரும் வந்து கேக்கிறாங்க இல்ல” என்றான்.

போனை வாங்கிப் பார்த்தேன். பயோ இப்படி இருந்தது: ‘தருணங்களைச் சிறைப்பிடிப்பவன் | இயற்கை நேசன் | கனவு காண்பவன் | தொடர்புக்கு டிஎம்’. நாலு துண்டு இருக்கிறது. என்ன படம் எடுக்கிறான், எந்த ஊரில் எடுக்கிறான் என்ற இரண்டும் இல்லை. கலியாண வீட்டுக்காரர் ஒருவர் இதைப் படித்தால், பொழுதுபோக்குக்குப் பறவை படம் எடுக்கிற பிள்ளை என்று நினைத்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பக்கத்துக்கு வருகிறவரின் மனதில் மூன்று கேள்விகள் வரிசையாக வரும். இவர் எடுப்பது எனக்கு வேண்டிய படமா, என் ஊருக்கு வருவாரா? எவ்வளவு முடியும், என்ன கிடைக்கும்? எப்படிக் கேட்பது? முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் பயோ பதில் சொல்ல வேண்டும். நடுக்கேள்வி பின் செய்த பதிவுக்கு உரியது. இந்தப் பங்கீடு குழம்பும்போதுதான் பயோவில் விலையைத் திணிக்கிறோம், பதிவில் கவிதை எழுதுகிறோம்.

பயோவுக்கு இன்ஸ்டகிராம் தருவது 150 எழுத்து. தமிழில் எழுதுகிறவர் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘மன்னார்’ என்பதை நாம் நாலு எழுத்தாகப் படிக்கிறோம். கணினியின் யூனிகோட் கணக்கில் அது ஏழு. ‘ன்’ என்பதில் எழுத்து ஒன்று, புள்ளி ஒன்று. ‘னா’ என்பதில் எழுத்து ஒன்று, கால் ஒன்று. ‘முதல்நன்மை’ நமக்கு ஆறு, கணினிக்குப் பத்து. ஆகவே 150 என்பது தமிழில் ஏறக்குறைய தொண்ணூறு எழுத்துத்தான். ஒரு சொல்கூட வீணாக இருக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். எழுதும்போது மீதி எண்ணிக்கை அந்தத் திரையிலேயே குறைந்துகொண்டு வரும், அதைப் பார்த்துக்கொண்டே எழுதலாம்.

பயோவுக்கு மேலே இன்னொரு பெட்டி இருக்கிறது. அதன் பெயர் `Name`. பலர் அதில் சொந்தப் பெயரை மட்டும் போட்டுவிட்டு விடுகிறார்கள். ஆனால் இன்ஸ்டகிராமின் தேடல் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே 64 எழுத்து வரை போடலாம், பயோவின் 150இல் அது சேராது. ஊரையும் தொழிலையும் அங்கே வைத்துவிட்டால் பயோவில் இடம் மிஞ்சும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் தேடுவார்கள் என்பதால் இரண்டு மொழியிலும் வைத்தோம்:

```
மன்னார் போட்டோகிராபர் | Mannar Wedding Photographer
```

இதை 14 நாட்களுக்குள் இரண்டு தடவைதான் மாற்ற முடியும். அதனால் முதலில் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது.

பிறகு பயோ. இருவரும் உட்கார்ந்து நாலு வரியாக எழுதினோம்:

```
கலியாணம், சாமத்திய வீடு, முதல்நன்மை
மன்னார் மாவட்டம் முழுதும்
அல்பம் 30 நாளில் கையில்
உங்கள் திகதி காலியா? கீழே கேளுங்கள்
```

கணினிக் கணக்கில் இது 121. இன்னும் 29 மிச்சம். முதல் வரி என்ன வேலை என்று சொல்கிறது. இரண்டாவது வரி எங்கே என்று சொல்கிறது. எங்கள் ஊரில் அந்த வரி கட்டாயம் வேண்டும். தீவின் மேற்கு முனையில் தலைமன்னார், பெருநிலத்தில் காட்டுக்குள்ளே மடு, இரண்டும் ஒரே மாவட்டம். பேசாலைப் பிள்ளை மடுவுக்கு வருவானா என்று ஒருவர் தயங்கினால் அந்தத் தயக்கத்திலேயே அவர் போய்விடுவார். மூன்றாவது வரி ஒரு வாக்கு. ‘தரமான சேவை’ என்று எவரும் எழுதலாம், 30 நாள் என்றால் பிசகினால் கேட்பார்கள். அதனாலேயே அதை நம்புவார்கள். காப்பாற்ற முடியாத எண்ணை அங்கே போடக் கூடாது. நாலாவது வரி, அடுத்து என்ன செய்வது என்று கை காட்டுகிறது. ‘திகதி காலியா’ என்பது கலியாண வீட்டுக்காரர் முதலில் கேட்கிற கேள்வி, அவர்களுடைய சொல்லையே அங்கே வைத்தோம்.

‘கீழே’ என்ற இடத்தில் வருவது வட்ஸ்அப் இணைப்பு:

```
https://wa.me/9477XXXXXXX?text=Insta%0AThikathi:%0AIdam:%0ANikalvu:
```

94 இலங்கைக் குறியீடு. அதற்குப் பிறகு உள்ளூர் எண்ணின் முதல் பூச்சியத்தை விட்டுவிட வேண்டும், கூட்டல் குறியும் வேண்டாம். 94077 என்று பூச்சியத்தோடு போட்டுவிட்டு, எவரும் எழுதவில்லையே என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. இணைப்பைப் போட்டதும் வேறொருவரின் போனிலிருந்து அழுத்திப் பார்த்தால் பிழை அந்த நிமிடமே தெரிந்துவிடும். `text=` என்பதற்குப் பின்னால் இருப்பது, அழுத்தியவரின் பெட்டியில் தானாக வந்து நிற்கும் செய்தி. `%0A` என்றால் அடுத்த வரி. திகதி, இடம், நிகழ்வு என்ற மூன்றையும் அவர் நிரப்பி அனுப்பினால் போதும். வெறும் ‘ஹாய்’ என்று வந்தால் விவரம் கேட்டுப் பதில் வாங்கவே ஒரு நாள் போய்விடும். கனடாவிலிருந்து கேட்பவர்களுக்கு இரவு என்றால் இங்கே பகல்.

இனிப் பின் செய்த பதிவு. இன்ஸ்டகிராம் மூன்று பதிவுகளை உச்சியில் நிறுத்தி வைக்க விடுகிறது. பதிவின் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் பின் செய்யும் வரி வரும். எங்கள் பிள்ளையின் பக்கத்து உச்சியில் மூன்று பூநாரைப் படங்கள் இருந்தன. அதிக லைக் வாங்கியவை அவைதான். ஆனால் பூநாரைக்கு லைக் போட்டவர் மன்னாரில் கலியாணம் செய்யப்போகிறவர் அல்லர். அதனால் முதலிடத்தை ஐந்து படங்கள் கொண்ட ஒரே பதிவுக்குக் கொடுத்தோம்.

முதல் படம் அவன் எடுத்ததிலேயே சிறந்த மணமக்கள் படம், அதன் நடுவில் ‘மன்னாரில் கலியாணப் படம்: விலையும் விவரமும்’ என்ற வரி. 2025 தொடக்கத்தில் பக்கத்தின் சதுரக் கட்டங்கள் நெட்டையாக மாறியபோது ஓரத்தில் எழுதிய வரிகள் பலருக்கு வெட்டுப்பட்டன, அதனால்தான் நடுவில். இரண்டாவது படத்தில் எத்தனை மணி நேரம் நிற்பான், திருத்திய படம் எத்தனை, அல்பம் எத்தனை பக்கம் என்பவை. மூன்றாவதில் ‘இத்தனை ரூபாவிலிருந்து’ என்ற தொடக்க விலையும், தூர இடங்களுக்குப் பயணச் செலவு எப்படி என்பதும். நாலாவதில் முடித்துக் கொடுத்த அல்பம் ஒன்று மேசையில் விரித்தபடி. ஐந்தாவதில் போன் எண், பெரிய எழுத்தில்.

விலை போடத்தான் அவன் தயங்கினான். போட்டால் ஆள் ஓடிவிடும் என்றான். ஓடுகிறவர் விலை கேட்ட பிறகும் ஓடத்தான் போகிறார். விலை தெரியாமல் தயங்கி நிற்கிறவர்தான் உண்மையான இழப்பு, ஏனென்றால் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்குக் கூச்சம்.

நாலாவது படத்தில் ஒரு வரி சேர்த்தோம்: ‘உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் படம் இந்தப் பக்கத்தில் வராது.’ மன்னாரில் இந்த வரிக்கு விலையைவிடக் கனம் உண்டு. சாமத்திய வீட்டுப் பிள்ளையின் படம் ஊர் முழுக்கச் சுற்றுமோ என்று தாய் பயப்படுவார். முஸ்லிம் வீடுகளில் பெண்கள் பகுதிப் படத்தைப் பற்றி முதலிலேயே கேட்பார்கள். அதே வாக்கின்படி, முதல் படத்தில் இருக்கும் மணமக்களிடமும் சம்மதம் கேட்டு வாங்கிய பிறகே பதிவைப் போட்டான்.

படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பில் முதல் ஓரிரு வரிதான் வெளியே தெரியும், மற்றது மடிந்துவிடும். ஆகவே வணக்கமும் வாழ்த்தும் அங்கே வேண்டாம். ‘எவ்வளவு, என்ன கிடைக்கும், எப்போது கைக்கு வரும்: எல்லாம் இந்த ஐந்து படங்களில்’ என்று தொடங்கினோம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குறிப்புக்குள் வட்ஸ்அப் இணைப்பை ஒட்டினால் அது வெறும் எழுத்தாகவே நிற்கும், அழுத்தினாலும் திறக்காது. ‘பக்கத்தின் மேலே உள்ள இணைப்பை அழுத்துங்கள்’ என்று எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

பூநாரைகளை அவன் கைவிடவில்லை. இரண்டாவது பின்னில், பறவை பார்க்க வருகிறவர்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு பதிவு நிற்கிறது. பயோ மட்டும் ஒரே தொழிலைப் பேசுகிறது.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? தொழில்முறைக் கணக்காக மாற்றினால், பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை இன்ஸ்டகிராமே காட்டும். வட்ஸ்அப்பில் `Insta` என்று தொடங்கி வந்த செய்திகளை நாம் எண்ணலாம். ஒரு மாதத்தில் 200 பேர் வந்து நாலு பேர் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பதுக்கு ஒருவர். அடுத்த மாதம் பயோவில் ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டு இதே கணக்கைப் பார்க்க வேண்டும். இரண்டு வரியை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. நிறையப் பேர் வந்தும் கேட்பவர் இல்லையென்றால் கோளாறு பயோவில் அல்லது பின் செய்த பதிவில். கேட்பவர் பலர், முற்பணம் தருகிறவர் இல்லையென்றால் விலை தெளிவாக இல்லை. பக்கத்துக்கே ஆள் வரவில்லையென்றால் பயோவைத் திருத்திப் பயனில்லை, புதிய படங்கள் போட வேண்டும். அந்த எண்ணையும் காலம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். தவக்காலத்திலும் மார்கழியிலும் எங்கள் பக்கம் கலியாணம் குறைவு, கேள்வியும் குறையும். ஆவணி மடுத் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டு உறவுகள் ஊருக்கு வரும்போது கூடும்.

அதனால் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி அவன் பின் செய்த விலைப் பதிவைத் திறந்து, குறிப்பின் கடைசி வரியில் எந்த மாதம் நிரம்பிவிட்டது, எந்த மாதம் காலி என்று திருத்துகிறான். போன வருடத்துத் திகதி அப்படியே நின்றால் தொழிலை விட்டுவிட்டான் என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார். ஸ்ரூடியோ கண்ணாடிப் பெட்டிக்குள் வெயிலில் வெளிறிப்போன படத்தைப் பார்த்தால் நாங்களும் அப்படித்தானே நினைத்தோம்.