63 எழுத்தை எங்கே வெட்டுவது?

1999-ல் ஜெர்மனியின் வடகிழக்கு மாநிலமான மெக்லென்பர்க்-ஃபோர்போமர்னின் சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பைத்தியமாடு நோய் ஐரோப்பாவைக் கலங்கடித்துக்கொண்டிருந்த காலம். கடையில் விற்கும் மாட்டிறைச்சிக்கு லேபிள் ஒழுங்காக ஒட்டப்படுகிறதா என்று மேற்பார்க்கும் பொறுப்பு யாரைச் சேரும் என்பதே சட்டத்தின் விஷயம். விஷயம் சாதாரணம்தான். ஆனால் சட்டத்தின் பெயரில் இருந்த ஒரே சொல்லில் 63 எழுத்துகள்! இடைவெளி, கோடு எதுவும் இல்லாமல் அச்சான அந்தச் சொல்லை இங்கே மூச்சு விட வசதியாகக் கோடு போட்டுத் தருகிறோம்: ரிண்ட்-ஃப்ளைஷ்-எட்டிக்கெட்டீருங்ஸ்-யூபர்வாஹுங்ஸ்-அவுஃப்காபன்-யூபர்ட்ராகுங்ஸ்-கெஸெட்ஸ். 2013-ல் சட்டம் ரத்தானபோது, ஜெர்மனியின் மிக நீளமான சொல் செத்துவிட்டது என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் செய்தி போட்டன.

இப்படிப்பட்ட சொற்களைத் தேடி அகராதியைப் புரட்டுவது வீண் வேலை. தேவைப்படும்போது தேவைப்பட்டவர் கோத்துக்கொள்ளும் சொற்கள் இவை. ஒருமுறை ஒரு கடிதத்தில் பிறந்து அதோடு மறைபவையும் உண்டு. எனவே ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவர் சொல்லை அவரே பிரித்து, அவரே பொருள் கட்டியாக வேண்டும்.

பிரிப்பவர் முதலில் பார்ப்பது சொல்லின் வாலை. ஜெர்மன் கூட்டுச்சொல்லில் கடைசித் துண்டுதான் தலைமை. மொத்தச் சொல் எதைக் குறிக்கிறது, அதன் பால் என்ன, பன்மை எப்படி வரும் என்பதெல்லாம் அந்தத் துண்டைப் பொறுத்தது. முன்னால் நிற்பவை அதற்கு அடைமொழிகள். ‘கார்ட்டன்’ என்றால் சீட்டு, ‘ஷ்பீல்’ என்றால் ஆட்டம். ‘கார்ட்டன்ஷ்பீல்’ சீட்டாட்டம், திருப்பிப் போட்ட ‘ஷ்பீல்கார்ட்டெ’ ஆடுவதற்கான சீட்டு. 63 எழுத்துச் சொல்லின் கடைசியில் இருப்பது ‘கெஸெட்ஸ்’, அதாவது சட்டம். நடுவே எத்தனை மாடுகள் நின்றாலும் சொல் குறிப்பது ஒரு சட்டத்தைத்தான்.

அடுத்தது மூட்டுகள். ஜெர்மனில் ‘உங்’ என்று முடியும் பெயர்ச்சொல் கூட்டுச்சொல்லின் முன்பகுதியாக வரும்போது அதன் பின்னால் ஓர் ‘எஸ்’ சேரும். அந்த ‘எஸ்’ஸுக்குத் தனிப் பொருள் எதுவும் இல்லை, அது வெறும் ஒட்டு. ஆகவே நீண்ட சொல்லில் ‘உங்ஸ்’ கண்ணில் பட்டால் பெரும்பாலும் அங்கே வெட்டலாம். நம் சொல்லில் அது மூன்று இடங்களில் வருகிறது. ‘எட்டிக்கெட்டீருங்’ என்பது லேபிள் ஒட்டுதல், ‘யூபர்வாஹுங்’ என்பது கண்காணிப்பு, ‘யூபர்ட்ராகுங்’ என்பது ஒப்படைப்பு. மிச்சத்தில் ‘அவுஃப்காபன்’ பணிகளைக் குறிக்கும். ‘ரிண்ட்’ என்ற மாடும் ‘ஃப்ளைஷ்’ என்ற இறைச்சியும் சேர்ந்தால் மாட்டிறைச்சி.

தமிழில் இதைச் சொல்ல அதிகம் மெனக்கெட வேண்டாம்: மாட்டிறைச்சிக்கு லேபிள் ஒட்டுவதைக் கண்காணிக்கும் பணிகளை ஒப்படைக்கும் சட்டம். ஜெர்மன் துண்டுகள் நின்ற வரிசையிலேயே தமிழும் நடந்துவிடுகிறது, தலைமைச் சொல்லைக் கடைசியில் வைப்பது தமிழுக்கும் பழக்கம் என்பதால். ஆங்கிலத்தில் அதே வரிசையைப் பிடித்தால் ‘பீஃப் லேபிளிங் மானிட்டரிங் டியூட்டீஸ் டிரான்ஸ்ஃபர் லா’ என்று வரும். இலக்கணப் பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் யாரும் இரண்டாம் முறை படிக்காமல் புரிந்துகொள்ள மாட்டார்கள். அதனால் மொழிபெயர்ப்பாளர் வாலிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடக்கிறார்: ‘லா ஆன் த டிரான்ஸ்ஃபர் ஆஃப் டியூட்டீஸ் ஃபார் மானிட்டரிங் பீஃப் லேபிளிங்’. ஜெர்மனில் இல்லாத ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘ஃபார்’ என்ற மூன்று சிறு சொற்களை அவர் உள்ளே நுழைத்திருக்கிறார். உண்மையான வேலை அந்த மூன்றில்தான் இருக்கிறது. பணிகளை ஒப்படைப்பது யார், யாரிடம் என்பது 63 எழுத்திலும் இல்லை. அதற்குச் சட்டத்தையே படிக்க வேண்டும்.

இந்தச் சொல் நீளமானதே தவிர, முரண்டு பிடிக்காதது. மொழிபெயர்ப்பாளரைத் தடுக்கி விழவைப்பவை பெரும்பாலும் பத்து எழுத்துக்காரர்கள்.

எல்லா மூட்டும் ‘உங்ஸ்’ போலத் துருத்திக்கொண்டு நிற்பதில்லை. ‘ஸோன்னெ’ சூரியன், ‘ஸோன்னன்ஷைன்’ வெயில். நடுவில் வந்த ‘என்’ பன்மை போலத் தோன்றினாலும் சூரியன் ஒன்றுதான். சில சமயம் சேர்வதற்குப் பதிலாகத் தேய்கிறது: ‘ஷூலெ’ பள்ளி, ‘பூஹ்’ புத்தகம், இரண்டும் சேர்ந்தால் ‘ஷூல்பூஹ்’. பிரித்து எடுத்த ‘ஷூல்’ அகராதியில் அப்படியே கிடைக்காது. தேய்ந்த ‘எ’யைத் திரும்ப ஒட்டிய பிறகுதான் தேட முடியும்.

வெட்டும் இடமே இரண்டாக இருந்தால் சிக்கல் கூடுகிறது. ‘ஷ்டவ்பெக்கன்’ என்று படிக்கத்தக்க ஒரு சொல்லை ‘ஷ்டவ்-பெக்கன்’ என்று வெட்டினால் நீர்த்தேக்கம். ஓர் எழுத்து தள்ளி ‘ஷ்டவ்ப்-எக்கன்’ என்று வெட்டினால் தூசி படிந்த மூலைகள். அதே போல இன்னொரு சொல்லை ‘வாஹ்-ஷ்டூபெ’ என்று பிரித்தால் காவலர் அறை, ‘வக்ஸ்-டூபெ’ என்று பிரித்தால் மெழுகுக் குழாய். தண்டியலங்காரம் படித்தவர்கள் இதைப் பிரிமொழிச் சிலேடை என்று ரசிப்பார்கள். வாயால் சொல்லும்போது உச்சரிப்பே வேறுபடுவதால் ஜெர்மானியருக்குக் குழப்பம் இல்லை. தாளில் மட்டும் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள். அணைக்கட்டு பற்றிய கட்டுரையில் யாரும் ஒட்டடை அடிக்கப் போவதில்லை என்பதால் மனிதர்கள் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்கள்.

கணினிக்கு அந்த உலக ஞானம் கிடையாது. கணினி மொழிபெயர்ப்பில் இயங்கும் ஃபிலிப் கோன், கெவின் நைட் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-ல் இதற்கு எளிய வழி ஒன்றை முன்வைத்தார்கள். பெருந்தொகுப்பு ஒன்றில் முழுச் சொல் எத்தனை முறை வருகிறது, வெட்டிய துண்டுகள் தனித்தனியே எத்தனை முறை வருகின்றன என்று எண்ண வேண்டும். துண்டுகளின் எண்களைப் பெருக்கி, இரண்டு துண்டு என்றால் வர்க்கமூலம், மூன்று என்றால் கனமூலம் எடுக்க வேண்டும். எந்தப் பிரிப்புக்கு அதிக மதிப்பெண்ணோ அதுவே வெற்றி.

அவர்கள் எடுத்த எடுத்துக்காட்டு ‘ஆக்ட்ஸியோன்ஸ்ப்ளான்’, அதாவது செயல்திட்டம். அதற்குள் ‘ஆக்ட்’, ‘இயோன்’, ‘ப்ளான்’ என்று மூன்று சொற்களைக் காண எழுத்துக்கணக்கில் இடம் உண்டு. ‘ஆக்ட்’ 224 முறையும் ‘ப்ளான்’ 710 முறையும் தொகுப்பில் வருகின்றன. ‘இயோன்’ ஒரே ஒரு முறை. மூன்றுக்கும் சேர்த்து மதிப்பெண் 54.2. முறையாக ‘ஆக்ட்ஸியோன்’ 960, ‘ப்ளான்’ 710 என்று பிரித்தால் 825.6. தப்பான வெட்டு தானாக ஒதுங்கிவிட்டது. ஆனால் பிரிக்காத முழுச் சொல் 852 முறை வந்திருந்ததால், மயிரிழையில் அதுவே முந்திக்கொண்டது!

இதைவிட வேடிக்கை ‘ஃப்ரைடாக்’, அதாவது வெள்ளிக்கிழமை. முழுச் சொல் 556 முறை. ‘ஃப்ரை’ என்றால் ஓய்வான, ‘டாக்’ என்றால் நாள்; முன்னது 885, பின்னது 1864 முறை. கணக்குப் போட்டால் 1284.4 வருகிறது. எண்ணை மட்டும் நம்பினால் ஜெர்மனியில் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் விடுமுறை நாள் ஆகிவிடும். உண்மையில் அந்த ‘ஃப்ரை’க்கும் ஓய்வுக்கும் சம்பந்தம் இல்லை, அது ஒரு பழைய ஜெர்மானியப் பெண் தெய்வத்தின் பெயர், ஆங்கில ‘ஃப்ரைடே’க்குள் இருப்பதும் அவளே. இந்த இரண்டு கோளாறுக்கும் அவர்கள் கண்ட மருந்து ஒன்றுதான்: பக்கத்தில் இருக்கும் ஆங்கிலத்தைப் பார். ஐரோப்பிய நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் இரு மொழியிலும் இருக்கின்றன. செயல்திட்டம் வரும் வாக்கியங்களின் ஆங்கிலப் பக்கத்தில் ‘ஆக்‌ஷன்’ என்பதும் ‘பிளான்’ என்பதும் இருந்தால் வெட்டு. வெள்ளிக்கிழமை வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’யும் ‘டே’யும் தனித்தனியாக நிற்காவிட்டால் கை வைக்காதே.

வெட்டக் கூடாத சொற்கள் இன்னும் பல. ‘ஹான்ட்ஷூ’வைப் பிரித்தால் ‘கைச்செருப்பு’, அது கையுறை. ‘க்ராங்கன்ஷ்வெஸ்டர்’ என்பதற்குள் நோயாளிகளும் சகோதரியும் இருக்கிறார்கள், அது நர்ஸ். இவற்றுக்கு அகராதிதான் சரி.

சரியாக வெட்டியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். துண்டுகளுக்குள் என்ன உறவு? ஜெர்மன் உணவகத்தின் மெனுவைப் பார்த்தால் தெரியும். ‘ஷ்னிட்ஸெல்’ என்பது தட்டி வறுத்த இறைச்சித் துண்டு. ‘ஷ்வைனெ’ பன்றி; ‘ஷ்வைனெஷ்னிட்ஸெல்’ பன்றியிறைச்சியால் ஆனது. ‘யேகர்’ வேட்டைக்காரன், ‘யேகர்ஷ்னிட்ஸெல்’ வேட்டைக்காரர் பாணியில் காளான் குழம்பு ஊற்றியது. ‘கிண்டர்’ குழந்தைகள், ‘கிண்டர்ஷ்னிட்ஸெல்’ குழந்தைகளுக்கான சின்ன அளவு. மூன்றும் ஒரே அச்சு, உள்ளே மறைந்த உறவு மட்டும் மூன்று விதம். தேர்ப்பாகன் என்றால் தேரை ஓட்டும் பாகன் என்று விரித்துக்கொள்ளும் தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பள்ளியில் படித்ததுதான். ஜெர்மன் அந்த உறவை விழுங்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறது. ஆங்கிலம் பல இடங்களில் அதைக் கக்கச் சொல்கிறது.

மூன்று துண்டு வந்துவிட்டால் எது எதோடு முதலில் சேர்கிறது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். ‘மேட்ஷன்-ஹான்டெல்ஸ்-ஷூலெ’: சிறுமியர், வணிகம், பள்ளி. பின்னிரண்டை முதலில் இணைத்தால் பெண்களுக்கான வணிகப் பள்ளி. முன்னிரண்டை முதலில் இணைத்தால் பெண் கடத்தல் கற்றுத்தரும் பள்ளி! வெட்டுகள் இரண்டிலும் ஒன்றே. ஆகவே துண்டுகளை அகராதியில் பார்த்து ஆங்கிலத்தில் அடுக்கினால் போதும் என்பவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

ஜெர்மன் எழுத்து விதிகள் இதற்கு ஒரு வழி விட்டிருக்கின்றன. தவறாகப் படிக்க வாய்ப்பிருந்தால் நடுவில் கோடு போடலாம். அதற்கு வழக்கமாகத் தரப்படும் எடுத்துக்காட்டு ‘ட்ருக்கர்ட்ஸொய்க்னிஸ்’. ‘ட்ருக்’குக்குப் பின் கோடு வந்தால் அச்சிட்ட பொருள், ‘ட்ருக்கர்’ என்பதற்குப் பின் வந்தால் அச்சுத்தொழிலாளியின் சான்றிதழ். ஆனால் விதி சொல்வது ‘போடலாம்’ என்றுதான், ‘போட வேண்டும்’ என்றல்ல. எழுதுகிறவருக்குத் தாம் என்ன சொல்ல வந்தோம் என்பதில் சந்தேகம் இல்லை. அவர் பெரும்பாலும் சேர்த்தே எழுதிவிடுகிறார்.