இன்சூரன்ஸ் கம்பெனி மூடினால் பாலிசி என்ன ஆகும்?

2019 நவம்பரில் இந்தியாவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் வியாபாரம் நிறுத்தப்பட்டது. வியாபாரம் தொடங்கி அதிகக் காலம் ஆகாத ரிலையன்ஸ் ஹெல்த் இன்சூரன்ஸ் அது. இனிப் புதிய பாலிசி விற்கக் கூடாது, ஏற்கெனவே விற்ற பாலிசிகளின் பொறுப்பையும் அதற்கு ஈடான நிதிச் சொத்துகளையும் ரிலையன்ஸ் ஜெனரல் இன்சூரன்ஸிடம் நவம்பர் 15 முதல் ஒப்படைக்க வேண்டும் என்று ஐஆர்டிஏஐ உத்தரவிட்டது.

காரணம், சால்வன்சி விகிதம். இது பலருக்கும் புரியாத கணக்கு. ஒரு காப்பீட்டு நிறுவனம், கட்ட வேண்டிய க்ளெய்ம்களுக்கான பணத்தை ஒதுக்கியது போக, அதற்கு மேலும் கூடுதல் தொகை கையில் வைத்திருக்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தத் தொகையைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 150 சதவீதம், எப்போதும் இருக்க வேண்டும் என்பது விதி. ரிலையன்ஸ் ஹெல்த்தில் அது 2019 ஜூன் இறுதியில் 106 ஆக இருந்தது. ஆகஸ்ட் இறுதியில் 77. செப்டம்பர் இறுதியில் 63.

63 என்றதும் நூறு ரூபாய் கடனுக்கு 63 ரூபாய்தான் கையில் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பாலிசிதாரர்களுக்குத் தர வேண்டியதை ஒதுக்கிய பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஆனால் அந்த மிச்சம் வேகமாகக் கரைகிறது என்றுதான் அர்த்தம். சொத்து கடனுக்குக் குறைவாகப் போன பிறகு மாற்ற முயன்றால், அந்தப் பாலிசிகளை ஏற்றுக்கொள்ள எந்த நிறுவனம் முன்வரும்? நம் நாட்டில் பாலிசிதாரருக்கு இருக்கும் பாதுகாப்பின் சூட்சுமம் முழுவதும் இந்த நேரக் கணக்கில்தான் இருக்கிறது.

சாதாரண கம்பெனியைப் போல இன்சூரன்ஸ் கம்பெனி தானாக ஷட்டரை இழுத்துவிட முடியாது. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டப்படி, இன்னொரு நிறுவனத்துடன் இணைவதற்காகவோ, மறுசீரமைப்புக்காகவோ, கடன் சுமையால் தொடரவே முடியாத நிலையிலோ மட்டும்தான் அது தன்னிச்சையாகக் கலைய முடியும். ஆயுள் காப்பீட்டு நிதியைத் தனியாக வைக்க வேண்டும். அது ஆயுள் பாலிசிதாரர்களுக்கே உரிய ஈடு. நிறுவனத்தின் மற்றக் கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது.

சரி, நிலுவையில் இருக்கும் க்ளெய்ம்? நவம்பர் முதல் வாரத்தில் ஒருவர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, பில்லைப் பழைய நிறுவனத்தில் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 15-ஆம் தேதி பொறுப்பு கைமாறுகிறது. அவருடைய க்ளெய்மும் அந்தப் பொறுப்பில் அடக்கம். அதைத் தீர்க்க வேண்டியது புதிய நிறுவனம். பழைய பாலிசியில் என்ன நிபந்தனை இருந்ததோ அதன்படிதான் முடிவு செய்யப்படும். சிக்கல் வருவது காகிதத்தில்தான். கைமாறும்போது ஃபைல் தொலையலாம், பில் மறுபடி கேட்கப்படலாம். ஆகவே க்ளெய்ம் எண், பில்களின் நகல், கொடுத்ததற்கான ஒப்புகை மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

எல்லா மாற்றமும் இவ்வளவு சுமுகமாக நடப்பதில்லை. சஹாரா இந்தியா லைஃப் நிறுவனத்தில் 2017-இல் ஐஆர்டிஏஐ ஒரு நிர்வாகியை நியமித்தது. புதிய பாலிசி விற்கவும் தடை வந்தது. வியாபாரத்தை ஐசிஐசிஐ புருடென்ஷியலுக்கு மாற்றும் உத்தரவும் அதே ஆண்டில் வந்தது. அதைப் பங்குப் பத்திர மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. 2023 ஜூன் 2 அன்று, சுமார் 2 லட்சம் பாலிசிகளை எஸ்பிஐ லைஃபுக்கு மாற்றப் புதிய உத்தரவு வந்தது. பதினோரு நாளில் அதற்கும் தடை. இப்படி இழுபறி நடக்கும்போது பிரீமியத்தை யாரிடம் கட்டுவது என்ற குழப்பத்தில் பலர் கட்டாமலே விட்டுவிடுவார்கள். அது பெரிய தவறு. கம்பெனி கைமாறினாலும் பாலிசி உயிரோடு இருக்கும், ஆனால் பிரீமியம் கட்டாமல் காலாவதியான பாலிசியை யாரும் காப்பாற்ற முடியாது. பதற்றத்தில் சரண்டர் செய்வதும் அப்படித்தான். கட்டியதைவிட மிகக் குறைவாகவே கையில் வரலாம்.

ஒரு குறை மட்டும் மிஞ்சுகிறது. வங்கி திவாலானால் டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உத்தரவாதம் இருக்கிறது. பாலிசிக்கு அப்படியொரு உத்தரவாதம் இல்லை. எல்ஐசி பாலிசிகளுக்கு மட்டும் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் மத்திய அரசின் உத்தரவாதம் உண்டு. ஐஆர்டிஏஐ கவனிக்கத் தவறினால், தனியார் நிறுவனத்தின் பாலிசிதாரருக்கு அதன் சொத்தில் மிச்சமிருப்பதுதான் கதி. எனவே பாலிசி எடுக்கும் முன்பும் புதுப்பிக்கும் முன்பும், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் காலாண்டுதோறும் வெளியாகும் சால்வன்சி விகிதத்தை ஒருமுறை பாருங்கள். அது 150-ஐ நெருங்கி, ஒவ்வொரு காலாண்டும் இறங்கிக்கொண்டே வந்தால், மருத்துவ பாலிசியைப் புதுப்பிக்கும்போது வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அதுவரை கழித்த காத்திருப்புக் காலமும் உங்கள் கணக்கில் சேரும்.