அலுவலகக் கடிதம்: காப்புறுதியில் பின்னுரித்தாளியை மாற்றக் கோருதல்

இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் திருமணத்திற்கு முன்பு ஆயுள் காப்புறுதி எடுத்தார் எனக் கொள்வோம். அப்போது தாயைப் பின்னுரித்தாளியாக எழுதிக் கொடுத்திருந்தார். (வீட்டில் நாம் ‘நொமினி’ என்போம்.) இப்போது மணமாகிவிட்டது. ஆனால் மணமானதால் மட்டும் நிறுவனத்தின் ஏட்டிலுள்ள பெயர் மாறாது. அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் நிறுவனம் அந்த ஏட்டையே பார்க்கும். ஆகவே அவரே எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

மாணவர்கள் பலர் இக்கடிதத்தில் திருமணச் செய்தியை நீட்டி எழுதிவிட்டு, காப்புறுதி இலக்கத்தை மறந்துவிடுவர். இலக்கம் இல்லாவிடில் கோவையைத் தேடி எடுப்பதே சிரமம். கடிதத்தின் உடல் இவ்வாறு அமையலாம்:

ஐயா,
ஆயுள் காப்புறுதி இல. ........... – பின்னுரித்தாளியை மாற்றுதல்

மேற்படி காப்புறுதியில் என் தாயார் பின்னுரித்தாளியாகப் பதியப்பட்டுள்ளார். ........... ஆம் திகதி எனது விவாகம் பதிவு செய்யப்பட்டது. எனவே முன்னைய நியமனத்தை நீக்கி, என் மனைவிக்கு 50 வீதமும் தாயாருக்கு 50 வீதமும் எனப் பதியுமாறு கேட்டுக்கொள்கிறேன். இருவரின் முழுப்பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், உறவுமுறை ஆகியவற்றைக் கீழே தந்துள்ளேன். மாற்றத்தைப் பதிந்து எழுத்தில் அறியத்தருக.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: விவாகச் சான்றிதழ்ப் பிரதி, மூவரின் அடையாள அட்டைப் பிரதிகள்.

தாயை முற்றாக நீக்க வேண்டும் என்பதில்லை. பங்கு பிரித்தால் கூட்டுத்தொகை 100 வீதமாக இருக்க வேண்டும். ‘இருவருக்கும்’ என்று மட்டும் எழுதினால் பின்னர் பிணக்கு வரலாம். கையொப்பம் விண்ணப்பப் படிவத்தில் இட்டதைப் போலவே இருக்க வேண்டும். அன்று தமிழில் இட்டவர் இன்று ஆங்கிலத்தில் இட்டால் கடிதம் திரும்பி வரக்கூடும்.

அடுத்தது சான்றுகள். கோயிலில் தாலி கட்டிய படம் இங்கு பயன்படாது. விவாகம் பதிவாகியிருந்தால் பிரதேச செயலகத்தில் சான்றிதழ்ப் பிரதி பெறலாம். நம் தோட்டப் பகுதிகளில் பெரிதும் சிக்கல் தருவது பெயரின் எழுத்துகளே. பிறப்புச் சான்றிதழில் ‘லெட்சுமி’, அடையாள அட்டையில் ‘லக்ஷ்மி’, விவாகச் சான்றிதழில் தந்தை பெயர் வேறு விதம் என்றிருந்தால், இவை ஒருவரையே குறிக்கின்றன எனச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து அதையும் இணைப்பது நல்லது. அனுப்புமுன் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும்.

மூலச் சான்றிதழ்களைத் தபாலில் இடாமல் உறுதிப்படுத்திய பிரதிகளையே பதிவுத் தபாலில் அனுப்புக. சில நிறுவனங்கள் தமது படிவத்தையும் நிரப்பச் சொல்லும். சாட்சியின் கையொப்பத்தையும் கேட்கலாம். பதில் வராமல் மாற்றம் முடிந்ததாக எண்ணக்கூடாது. நிறுவனம் அனுப்பும் உறுதிக் கடிதத்தில் புதிய பெயர்களும் பங்கும் சரியா எனப் பார்த்து, அதனைக் காப்புறுதிப் பத்திரத்துடன் சேர்த்து வைக்க வேண்டும்.